90 நாள் யாருக்காக ஓடுகிறது?

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 22, சட்டக் கல்லூரிகளில் பெரும்பாலும் ஒரே வகுப்பில் கடந்துபோகும் பாடம். "தரப்பினர் இறந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும், சேர்க்காவிட்டால் வழக்கு அற்றுப்போகும்" என்று மாணவர் எழுதிக்கொள்கிறார், தேர்விலும் அதையே எழுதுகிறார். அதனுடன் ஓர் அறநெறி விளக்கமும் ஒட்டிக்கொண்டு வருகிறது: சட்டம் விழித்திருப்பவனுக்கே துணை, உறங்கியவன் இழக்கிறான், வழக்கு அற்றுப்போவது அசட்டைக்குக் கிடைக்கும் தண்டனை. ஆய்வுக் கட்டுரைகளிலும் கருத்தரங்குகளிலும் இவ்விளக்கம் கேள்வியின்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

இது பிழையான விளக்கம். அசட்டையைத் தண்டிக்கும் விதி, அறிந்தும் வாளாவிருந்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். கட்டளை 22-ன் 90 நாளோ அறியாதவர் மீதும் அறிந்தவர் மீதும் ஒரே நாளில் ஓடத் தொடங்குகிறது. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில் கூறு 120-ன் மூன்றாம் பத்தியைப் படித்தால் இது விளங்கும். காலம் தொடங்கும் நாள் இறந்த நாள். எதிர்த்தரப்பு அந்த இறப்பை அறிந்த நாளன்று. உறங்கியவன் விழித்திருந்தவன் என்ற பேச்சுக்கு அந்தப் பத்தியில் இடமே இல்லை. சட்டத்தில் இல்லாத அறத்தைச் சட்டத்தின் பெயரால் கற்பிப்பது ஆசிரியர்களின் குற்றம். அந்தப் பத்தியை இன்னும் அப்படியே விட்டுவைத்திருப்பது சட்டமியற்றுவோரின் குற்றம்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நீதிமன்ற வளாகங்களில் 'கேஸ் அபேட் ஆகிவிட்டது' என்றால் 'கேஸ் தோற்றுவிட்டது' என்றே கட்சிக்காரர் புரிந்துகொள்கிறார். இரண்டும் ஒன்றல்ல. தள்ளுபடி என்பது நீதிமன்றம் எடுக்கும் முடிவு. அற்றுப்போதலில் நீதிமன்றம் எதையும் முடிவு செய்வதில்லை. இறந்தவரின் இடத்தில் எவரும் இல்லாததால் அந்தத் தரப்பைப் பொறுத்தவரை வழக்கு நின்றுவிடுகிறது. 90 நாள் கடந்த மறுநாள் அது தானாகவே நிகழ்ந்துவிடும். நீதிபதி ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. மித்தாய்லால் தல்சங்கர் சிங் வழக்கில் (2003) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வழக்கின் நியாயத்தை எவரும் தொடவில்லை என்றாலும் விளைவு தள்ளுபடிக்குக் குறைந்ததன்று: அதே வழக்குமூலத்தை வைத்துப் புதிய வழக்குத் தொடரக் கூடாது என்கிறது கட்டளை 22-ன் விதி 9. விசாரிக்கப்படாமலே ஓர் உரிமை முடிந்துபோகிறது.

எல்லா வழக்குக்கும் இது பொருந்தாது என்பதும் மறந்துபோகும் செய்தி. வழக்காடும் உரிமை இறந்தவருடனேயே போய்விடும் வழக்குகள் உண்டு. அவதூறுக்கு இழப்பீடு கேட்டவர் விசாரணைக் கட்டத்தில் இறந்தால், அவர் புகழுக்கு நேர்ந்த களங்கத்தை அவர் மகன் தன் காயமாக்கிக்கொள்ள முடியாது. அங்கே சேர்ப்பதற்கு ஆளிருந்தும் பயனில்லை. கடன், சொத்து, ஒப்பந்தம், குத்தகை பற்றிய வழக்குகளில் உரிமையும் பொறுப்பும் இறந்தவரின் சொத்தோடு ஒட்டி நிற்கின்றன, அவை பிழைத்திருக்கும். உரிமை பிழைத்திருக்கும்வரை இறப்பினால் மட்டும் வழக்கு அற்றுப்போகாது என்பதே கட்டளை 22-ன் விதி 1. அந்தக் கட்டளையின் முதல் சொல்லே அதுதான். பிழைத்திருக்கும் உரிமையைத்தான் பின்வரும் விதிகள் நாட்காட்டியை வைத்துக் கொல்கின்றன.

எப்படிக் கொல்கின்றன என்பதற்கு டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டை எடுத்துக்கொள்ளலாம். தலைநகரில் வாழும் தமிழரும் மலையாளிகளும் முருங்கைக்காய்க்கும் வாழைப்பூவுக்கும் சின்ன வெங்காயத்துக்கும் மீனுக்கும் தேடிப்போகும் சந்தை அது. அங்கே கடைகளுக்குச் சரக்கு தொலைவிலிருந்து வருகிறது. சரக்கு அனுப்புபவரும் கடைக்காரரும் ஆண்டுக்கணக்கில் நேரில் பார்த்துக்கொள்ளாமலே வியாபாரம் செய்வார்கள். கற்பனையாக ஒரு வழக்கை அமைத்துப் பார்ப்போம். பொள்ளாச்சித் தேங்காய் மொத்த வியாபாரி ஒருவருக்கு அச்சந்தையின் கடைக்காரர் ஒருவர் 8 லட்சம் ரூபாய் பாக்கி. வியாபாரி டெல்லி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்திருக்கிறார். கடைக்காரர் எதிருரை தாக்கல் செய்துவிட்டார். வழக்கு சாட்சி விசாரணைக்கு நிற்கிறது. அடுத்த வாய்தா ஜூலை 12.

அந்த ஆண்டு லீப் ஆண்டன்று. ஜனவரி 10 அன்று கடைக்காரர் இறந்துவிடுகிறார். ஏப்ரல் 10-ஆம் நாளோடு 90 நாள் முடிகிறது; அன்றோடு வழக்கு அற்றுப்போகிறது. அற்றுப்போனதை நீக்கக் கோருவதற்குக் கூறு 121 மேலும் 60 நாள் தருகிறது. அது ஜூன் 9-ல் முடிகிறது. ஆக மொத்தம் 150 நாள். பொள்ளாச்சிக்காரரின் வழக்கறிஞர் நீதிமன்றத்துக்கு வர வேண்டிய அடுத்த நாளுக்கு ஒரு மாதம் முன்பே இரண்டு கதவுகளும் மூடிவிட்டன. ஜூலை 12 அன்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, "என் கட்சிக்காரர் ஜனவரியில் காலமாகிவிட்டார்" என்று அமைதியாகச் சொல்கிறார். அன்று 183-ஆம் நாள். உறங்கியவர் யார்?

கடைக்குத் தொலைபேசியில் பேசியிருந்தால் தெரிந்திருக்காதா என்று கேட்பார்கள். வழக்கு நடக்கும்போது கடையோடு பேச்சு நின்றுபோயிருக்கும். கடையோ வழக்கம்போலத் திறந்திருக்கும். மகனோ மருமகனோ தராசின் பின்னால் நிற்பார். பலகையில் அதே பெயர் இருக்கும். அந்தப் பலகையைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் வணிக வழக்குகளில் பாதிக் குழப்பம் அங்கிருந்தே தொடங்குகிறது. கூட்டாளிகள் நடத்தும் நிறுவனத்தின் மீது நிறுவனத்தின் பெயரிலேயே வழக்குத் தொடர்ந்திருந்தால், கூட்டாளிகளில் ஒருவர் இறந்தாலும் அவருடைய வாரிசுகளைச் சேர்க்க வேண்டிய கட்டாயமில்லை. கட்டளை 30-ன் விதி 4 அப்படிச் சொல்கிறது. அதே பெயர் ஒரே உரிமையாளரின் வணிகப் பெயராக இருந்தால் நிலைமை தலைகீழ். அந்தப் பெயர் வெறும் பெயர். அதற்குப் பின்னால் நிற்கும் மனிதரே பிரதிவாதி. அவர் இறந்தால் பிரதிவாதி இறந்தார் என்றே பொருள். அசோக் டிரான்ஸ்போர்ட் ஏஜென்சி வழக்கில் (1998) உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை உறுதிசெய்தது. பலகையில் "அண்ட் சன்ஸ்" என்றோ "அண்ட் கோ" என்றோ எழுதியிருப்பதைப் பார்த்துக் கூட்டாண்மை என்று நம்பி வாளாவிருந்தால், பொள்ளாச்சிக்காரரின் 90 நாள் அவருக்குத் தெரியாமலே தீர்ந்திருக்கும். வழக்குரையில் பிரதிவாதியை எப்படி விவரித்திருக்கிறார்கள் என்பதை முதல் நாளிலேயே கவனிப்பது, பின்னால் மூன்று மனுக்களை எழுதுவதைக் காட்டிலும் மலிவு.

மூன்று மனுக்கள் என்பது மிகைப்பேச்சன்று. ஜூலை 12-க்குப் பிறகு பொள்ளாச்சிக்காரர் கேட்க வேண்டியவை மூன்று: தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும், அற்றுப்போனதை நீக்க வேண்டும், வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் இவை மூன்றையும் தனித்தனி இடைநிலை மனுக்களாகத் தாக்கல் செய்வது ஊறிப்போன வழக்கம். ஒன்றை விட்டுவிட்டால் மற்றவை நிற்காது என்ற அச்சமே அதற்குக் காரணம். வாரிசுகளைச் சேர்க்கக் கோரும் மனுவுக்குள்ளேயே அற்றுப்போனதை நீக்கும் வேண்டுகோளும் அடங்கியிருப்பதாகக் கொள்ளலாம் என்று மேற்சொன்ன மித்தாய்லால் தீர்ப்பு சொல்லி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதன் பிறகும், "நீக்கும்படி தனியாகக் கோரவில்லை" என்ற ஆட்சேபணை எதிர்மனுக்களில் தவறாமல் இடம்பெறுகிறது.

சேர்க்கப்பட வேண்டியவர் யார் என்பதிலும் ஒரு பொறி உண்டு. சட்டம் கேட்பது வாரிசை அன்று, சட்டப் பிரதிநிதியை. இறந்தவரின் சொத்தைச் சட்டத்தின்படி பிரதிநிதிப்பவர் எவரும் சட்டப் பிரதிநிதி. உரிமையின்றி அந்தச் சொத்தில் கைவைத்து நடத்துபவரும் அதில் அடங்குவார் என்று பிரிவு 2(11) விரித்துச் சொல்கிறது. எனவே தராசின் பின்னால் நிற்கும் மருமகனும் அந்தச் சொல்லுக்குள் வரலாம். மறுபுறம், கடைக்காரர் உயில் எழுதாமல் இறந்த இந்து என்றால், மனைவி, மகன், மகள் ஆகியோருடன் அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. மனைவியையும் மகனையும் சேர்த்துவிட்டு, ஊரில் இருக்கும் கிழவியை மறந்துவிடுவது அடிக்கடி நிகழும் பிழை. மணமாகிப் போன மகளை மறப்பது அதற்கு அடுத்தபடி. டெல்லியில் வருவாய்த் துறை தரும் 'சர்வைவிங் மெம்பர்' சான்றிதழும் தமிழ்நாட்டில் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் எதிர்த்தரப்பின் குடும்பத்தார் கையில் இருக்கும். வாதி கையில் இராது. நல்லவேளையாக, இங்கே நீதிமன்றங்கள் இரக்கமுள்ள வழியை முன்பே திறந்துவிட்டன. வாதி நேர்மையாக விசாரித்து, தெரிந்த வாரிசுகளைக் காலத்துக்குள் சேர்த்திருந்தால், அவர்கள் இறந்தவரின் சொத்து முழுவதையும் பிரதிநிதிக்கிறார்கள். ஒருவர் விடுபட்டதற்காக வழக்கு அற்றுப்போகாது என்பது தயா ராம் எதிர் ஷியாம் சுந்தரி (1965) முதல் நிலைபெற்ற நெறி.

சேர்க்கப்படும் வாரிசுகளுக்கும் ஒரு வீண் அச்சம் உண்டு. அப்பாவின் கடன் நம் தலையில் விழுந்துவிடும் என்று எண்ணி அழைப்பாணையை வாங்க மறுப்பார்கள். சட்டப் பிரதிநிதி தம் கைக்கு வந்த இறந்தவரின் சொத்து அளவுக்கே பொறுப்பாளி. அவருடைய சொந்தச் சம்பாத்தியத்தில் கைவைக்க முடியாது. இதைச் சொல்லிப் புரியவைக்கும் வேலையை எந்தப் பாடநூலும் எவரிடமும் ஒப்படைக்கவில்லை.

நாடாளுமன்றம் இந்த அநீதியை அறியாமல் இல்லை. 1976-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கட்டளை 22-க்குள் விதி 10A-வைக் கொண்டுவந்தது. 1977 பிப்ரவரி 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. தம் கட்சிக்காரர் இறந்ததை வழக்கறிஞர் அறிந்தால் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நீதிமன்றம் அதை மறுதரப்புக்கு அறிவிக்க வேண்டும். கட்சிக்காரர் இறந்ததும் வக்காலத்து முடிந்துவிடுமே என்ற கேள்விக்கும் அதிலேயே விடை உண்டு: இந்த ஒரு காரியத்துக்காக மட்டும் அந்த ஒப்பந்தம் தொடர்வதாகக் கருதப்படும். அதே திருத்தம் விதி 4-க்குள் (5) என்ற உட்பிரிவையும் சேர்த்தது: பிரதிவாதியின் இறப்பை அறியாததால் வாதி தாமதித்திருந்தால், பொறுத்தருளும் மனுவில் நீதிமன்றம் அந்த அறியாமைக்கு உரிய மதிப்புத் தர வேண்டும்.

பார்வைக்கு நல்ல திருத்தம்தான். ஆனால் அது பாதி வேலை. அந்தப் பாதியும் ஓட்டையுள்ளது. எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று விதி 10A சொல்லவில்லை. தெரிவிக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, காலவரையறைச் சட்டத்தின் அந்த மூன்றாம் பத்தியை அது தொடவே இல்லை. இதன் பயன் விந்தையானது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஜனவரி 20 அன்று தெரிவித்தாலும் ஜூலை 12 அன்று தெரிவித்தாலும் கடிகாரம் ஓடத் தொடங்குவது ஜனவரி 10 அன்றே. அதாவது, கடமையை உடனே செய்தவருக்குக் கிடைப்பது வலுவான எதிரி. தள்ளிப்போட்டவருக்குக் கிடைப்பது அற்றுப்போன வழக்கு. எந்தக் கட்சிக்காரரின் குடும்பம், எந்த வழக்கறிஞரை, எதைச் செய்யும்படி கேட்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

வாதி இறக்கும் வழக்கில் ஓட்டை இன்னும் பெரிது. இதைப் பெரும்பாலான உரைகள் கவனிப்பதே இல்லை. பொள்ளாச்சிக்காரரே இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய டெல்லி வழக்கறிஞர் கடமை தவறாமல் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கிறார். விதி 10A-வின்படி நீதிமன்றம் யாருக்கு அறிவிக்க வேண்டும்? "மறுதரப்புக்கு", அதாவது கடைக்காரருக்கு. வழக்கு அற்றுப்போனால் 8 லட்சம் மிச்சமாகும் அதே கடைக்காரருக்கு. டெல்லியில் ஒரு வழக்கு நடப்பதே தெரியாத பொள்ளாச்சி விதவைக்கும் பிள்ளைகளுக்கும் அறிவிப்பு அனுப்பும்படி அந்த விதி எவருக்கும் ஆணையிடவில்லை. அப்பாவின் பீரோவில் வழக்குக் கட்டு கிடைப்பது ஓராண்டுத் திதிக்குப் பிறகு. விதி 4(5) தரும் பரிவும் இவர்களுக்கு எழுத்துப்படி கிடையாது. அது பிரதிவாதி இறந்த வழக்குகளில் வாதிக்கு மட்டுமே பேசுகிறது.

இனி, ஒருவரின் இறப்பால் எத்தனை பேர் விழுகிறார்கள் என்ற கேள்வி. பலர் சேர்ந்து வழக்காடும்போது ஒருவர் தொடர்பாக மட்டும் வழக்கு அற்றுப்போவது விதியின் எழுத்து. ஆனால் சில வழக்குகளில் அது முழு வழக்கையும் இழுத்துச் சாய்க்கும். இதற்கு முன்னோடித் தீர்ப்பு பஞ்சாப் அரசு எதிர் நத்து ராம், 1962-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் வெளியானது. நத்து ராம், லப்பு ராம் என்ற சகோதரர் இருவரின் நிலத்தை அரசு இராணுவத் தேவைக்காக எடுத்துக்கொண்டது. இழப்பீட்டுத் தொகையில் உடன்பாடு ஏற்படவில்லை. நடுவர் இருவருக்கும் கூட்டாகத் தொகையை உயர்த்தி வழங்கினார். அரசு மேல்முறையீடு செய்தது. அது நிலுவையில் இருக்கும்போது லப்பு ராம் இறந்தார். அவருடைய பிரதிநிதிகளை அரசு காலத்துக்குள் சேர்க்கவில்லை. லப்பு ராமைப் பொறுத்தவரை மேல்முறையீடு அற்றுப்போயிற்று. அதனால் நத்து ராமுக்கு எதிராகவும் அதைக் கேட்க முடியாது என்றது உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

காரணம் எளிது. லப்பு ராமுக்கு உயர்த்தப்பட்ட தொகை இறுதியாகிவிட்டது. அதே நிலம், அதே தீர்ப்பு, அதே கூட்டு உரிமை. நத்து ராமுக்கு மட்டும் குறைந்த தொகையே சரி என்று தீர்ப்பளித்தால், ஒரே நிலத்துக்கு ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு தீர்ப்பாணைகள் நிற்கும். நீதிமன்றம் அதைச் செய்யாது. இந்தத் தருக்கத்தில் குறை காண்பது கடினம். கவனிக்க வேண்டியது வேறொன்று: தவறவிட்டவர் யார்? பட்வாரி முதல் தாசில்தார் வரை கிராமந்தோறும் ஆளை வைத்திருக்கும் அரசாங்கம். அரசாங்கத்தாலேயே தன் எதிர்த்தரப்பில் ஒருவர் இறந்ததைக் குறித்த காலத்துக்குள் கவனிக்க முடியவில்லை. அதைத் தேங்காய் வியாபாரியிடம் எதிர்பார்ப்பதைத்தான் 'விழிப்பு' என்று வகுப்பறையில் அழைக்கிறார்கள்.

நத்து ராம் தீர்ப்பின் உண்மையான தீங்கு அதன் தருக்கத்தில் இல்லை. அதைக் கீழே கையாண்ட விதத்தில் இருக்கிறது. பலர் சேர்ந்து தாக்கல் செய்த எதையும் 'கூட்டு, பிரிக்க இயலாதது' என்று முத்திரை குத்தி முழுவதையும் கவிழ்ப்பது எளிய வழியாகிவிட்டது. டெல்லி நில எடுப்பு இழப்பீட்டுத் தகராறு ஒன்றில் அதுதான் நடந்தது: மேல்முறையீட்டாளர்களில் சிலர் இறந்தனர், வாரிசுகளைச் சேர்ப்பதில் தாமதம் நேர்ந்தது, டெல்லி உயர் நீதிமன்றம் உயிரோடிருந்தவர்களின் மேல்முறையீட்டையும் சேர்த்து முடித்தது. சர்தார் அமர்ஜித் சிங் கால்ரா எதிர் பிரமோத் குப்தா என்ற அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போயிற்று. 2002 டிசம்பரில் தீர்ப்பை எழுதியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி துரைசாமி ராஜு. வெவ்வேறு உரிமையுடையவர்கள் வசதிக்காக ஒரே மனுவில் சேர்ந்து வழக்காடினால், அதில் பிறக்கும் தீர்ப்பாணை பல தீர்ப்பாணைகளின் தொகுப்பே; ஒருவருடைய பகுதி அற்றுப்போனால் மற்றவர்களுடையது அதனுடன் போகாது என்றார் அவர். இரண்டு தீர்ப்பாணைகள் ஒன்றையொன்று நேரடியாக மறுத்து, இரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற முடியாத நிலை வந்தால்தான் முழுவதும் விழும். நடைமுறைச் சட்டம் நீதிக்குத் துணைசெய்ய ஏற்பட்டது. உரிமையை நெரிக்கும் கருவியாக அதைக் கையாளக் கூடாது என்பதும் அத்தீர்ப்பின் சாரம்.

ஐ.என்.ஏ. மார்க்கெட் கணக்கில் இதை வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஒரே கடையைக் கூட்டுரிமையாக வைத்திருக்கும் சகோதரர் இருவர், கடையின் உரிமை தங்களுடையது என்று தீர்ப்புப் பெற்றிருக்கிறார்கள், எதிரி மேல்முறையீட்டில் இருக்கும்போது சகோதரர்களில் ஒருவர் இறக்கிறார், வாரிசுகள் சேர்க்கப்படவில்லை. மேல்முறையீடு முழுவதும் விழும். இது நத்து ராம். அதே சந்தையின் இருபது கடைக்காரர்கள் தத்தம் கடைக்குக் கேட்கப்படும் கட்டணத்தை எதிர்த்து ஒரே வழக்கில் சேர்ந்திருந்து, மூவர் இறந்தால், பதினேழு பேரின் வழக்கு நடக்கும்; இது கால்ரா. தேர்வுத்தாளில் 'கூட்டாகத் தாக்கல் செய்யப்பட்டதால்' என்று காரணம் எழுதும் மாணவர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார். எப்படித் தாக்கல் செய்தார்கள் என்பது கேள்வியன்று. தீர்ப்பாணைகள் மோதுமா என்பதே கேள்வி.

இப்போதைய ஏற்பாட்டுக்கு ஆதரவாளர்கள் சொல்லும் வாதங்களில் கனமுள்ளவை இரண்டு. முதலாவது: 90 நாள் போனால் 60 நாள், 60-ம் போனால் பிரிவு 5 இருக்கிறது, நீதிமன்றங்கள் தாராளமாகவே பொறுத்தருள்கின்றன, பின் என்ன குறை? பெருமோன் பகவதி தேவஸ்வம் எதிர் பார்கவி அம்மா (2008) தீர்ப்பைச் சுட்டுவார்கள். நியாயமான தீர்ப்பு அது. விசாரணை நீதிமன்றத்தில் வாய்தாவுக்கு வாய்தா தரப்பினர் சந்திக்கிறார்கள். உயர் நீதிமன்றத்திலோ மேல்முறையீடு ஏற்கப்பட்டபின் ஆண்டுக்கணக்கில் பட்டியலுக்கு வராமல் கிடக்கிறது. எதிர்த்தரப்பினர் உயிரோடிருக்கிறார்களா என்று மேல்முறையீட்டாளர் அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் இந்தத் தீர்ப்பைச் சுட்டுவோர் தங்கள் வாதத்தையே கவிழ்த்துக்கொள்கிறார்கள். அறியாதவரை மன்னிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், அறியாதவரைக் குற்றவாளியாக்கித் தொடங்கும் விதியில்தான் பழுது. மன்னிப்பு உரிமையாகாது. அது ஒவ்வொரு நீதிபதியின் மனப்பாங்கையும் பொறுத்தது. அதற்கு மனு எழுத வேண்டும், பிரமாணப் பத்திரம் வேண்டும், எதிர்மனு வரும், மறுத்தால் மேலே போக வேண்டும். பாக்கியைக் கேட்க வந்தவர், பாக்கியைக் கேட்கும் தகுதிக்காகவே பல வாய்தாக்களைச் செலவிடுகிறார்.

இரண்டாவது வாதம் இறுதித்தன்மை: காலம் கடந்ததும் எதிர்த்தரப்புக்கு ஓர் உரிமை பிறந்துவிடுகிறது, அதைப் பறிக்கக் கூடாது. பாக்கியைத் திருப்பித் தர வேண்டாம் என்ற உரிமை, தந்தை இறந்ததைச் சொல்லாமல் இருந்ததால் மகனுக்குப் பிறக்கிறது என்பதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது. தவிர, இந்தக் கடிகாரம் இல்லாவிட்டால் நீதிமன்றம் நிலைகுலைந்துவிடுமா என்று அறிய அயல்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. கட்டளை 22-க்குள்ளேயே பார்க்கலாம். தீர்ப்பாணையை நிறைவேற்றும் நடவடிக்கையில் ஒருவர் இறந்தால் அற்றுப்போதல் கிடையாது. விதி 12 அதை விலக்கியிருக்கிறது. விசாரணை முடிந்து தீர்ப்புக்காக ஒத்திவைக்கப்பட்ட பிறகு இறந்தாலும் கிடையாது; அது விதி 6. வழக்கு நடக்கும்போது சொத்து கைமாறினால், வாங்கியவரைச் சேர்க்க விதி 10 நாட்கெடு எதையும் வைக்கவில்லை. இங்கெல்லாம் கடிகாரம் இல்லாமலேயே வேலை நடக்கிறது.

இறந்தவர் பெயரில் வழக்கு ஓடிக்கொண்டே இருக்கலாம் என்பது இதன் பொருளன்று. இறந்தவருக்கு எதிராகவோ இறந்தவருக்கு ஆதரவாகவோ பிறக்கும் தீர்ப்பாணை செல்லாது. குர்நாம் சிங் எதிர் குர்பச்சன் கௌர் வழக்கில் (2017), மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதே தரப்பினர் இறந்துபோயிருக்க, அவர்களுடைய பிரதிநிதிகள் சேர்க்கப்படாமல் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பைச் செல்லாதது என்று உச்ச நீதிமன்றம் ஒதுக்கியது. ஆகவே வாரிசுகளைச் சேர்த்தே ஆக வேண்டும். அதற்கு ஒரு காலக்கெடுவும் வேண்டும். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதே தகராறு.

மாற்றம் பெரிதன்று. கூறு 120-ன் மூன்றாம் பத்தியில், பிரதிவாதி இறந்தால் வாதிக்கு விதி 10A அறிவிப்பு கிடைத்த நாள் அல்லது அவர் வேறு வழியில் அறிந்த நாள், இவற்றுள் முந்தியது என்று இருக்க வேண்டும். வாதி இறந்தால், அறிவிப்பு மறுதரப்போடு நின்றுவிடாமல் வழக்குரையில் கண்ட முகவரிக்கு, இறந்தவரின் குடும்பத்துக்குப் போக வேண்டும். அந்த அறிவிப்பிலிருந்து 90 நாள். இறப்பைத் தெரிவிக்கும் வழக்கறிஞர், தெரிந்த அளவில் வாரிசுகளின் பெயரும் முகவரியும் கொண்ட குறிப்பாணையைத் தாக்கல் செய்ய வேண்டும். தெரிவிக்காமல் காலத்தைக் கடத்திய தரப்பு, அற்றுப்போயிற்று என்ற ஆட்சேபணையை எழுப்ப முடியாது என்று விதி 10A-வுக்குள் ஒரு வாக்கியம் சேர வேண்டும். பொய்யாக 'அறியவில்லை' என்பவரைப் பிடிக்க வழி உண்டா என்று கேட்கலாம். உண்டு: இரங்கல் அட்டை, குறுஞ்செய்தி, துக்கம் விசாரிக்கப் போன சாட்சி ஆகியவற்றைக் கொண்டு எதிர்த்தரப்பு மெய்ப்பிக்கட்டும். இன்று அறியாமையை மெய்ப்பிக்கும் சுமை அறியாதவர் மீது இருக்கிறது. ஒன்றை அறியவில்லை என்று மெய்ப்பிப்பதைவிட, அறிந்திருந்தார் என்று மெய்ப்பிப்பது எப்போதும் எளிது.

சட்டம் திருந்தும்வரை வகுப்பறையில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அற்றுப்போதலைப் பற்றிய கேள்வியில் '90 நாள்' என்ற விடைக்கு முழு மதிப்பெண் தருவதை நிறுத்தலாம். ஜனவரி 10-ல் இறப்பு, ஜூலை 12-ல் வாய்தா என்று கொடுத்து, எந்த நாளில் எது முடிந்தது, யார் எதைத் தெரிவித்திருக்க வேண்டும், எந்த மனுக்கள் வேண்டும், யாரையெல்லாம் சேர்க்க வேண்டும் என்று கேட்கலாம். கிழவியை எத்தனை விடைத்தாள்கள் நினைவில் வைத்திருக்கின்றன என்று பார்க்கலாம்.